யாழ்ப்பாண வரலாற்று நூல்களும் சான்று காட்டும் நெறியும்

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை தனக்கு ஆதாரமாய் அமைந்த நூல்களை மறைத்திலது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பவற்றை அது தொடக்கத்திலேயே பெயர் சுட்டி உரைக்கின்றது. இவற்றுள் முன்னைய இரண்டும் அச்சேறி இன்றும் கிடைப்பன. பின்னைய இரண்டும் கிடைத்தில.

ஆதாரங்களைத் தொகுத்துக் கூறிய புலவர், நூலினுள்ளே இச்செய்தி இந்நூலிற் கண்டது என ஆங்காங்கே சுட்டிச் செல்லும் வழக்கத்தைப் பெரும்பாலும் மேற்கொண்டாரல்லர். அக்காலத்து நூல் மரபு அதனை வேண்டியதுமில்லை. ஆயினும் அதன் விளைவு இன்றைய ஆராய்ச்சியாளரை வருத்துகின்றது. வைபவமாலையின் செய்தியொன்று கைலாயமாலையோடு ஒத்திருப்பின், ஒப்பிட்டுப் பார்த்து அதன் மூலத்தை அறியலாம். அவ்வாறு ஒவ்வாத செய்தி இராசமுறையிலிருந்து வந்ததா, உலாவிலிருந்து வந்ததா, புலவர் காலத்துச் செவிவழிக் கதையா என்பதைத் துணியும் வழி எதுவும் இல்லை. அழிந்த இராசமுறையின் பகுதிகள் வைபவமாலையினுள்ளே இருத்தல் கூடும். இருப்பினும் அவற்றைப் பிரித்து எடுத்தல் இயலாது. நூலின் தலைப்பில் உசாத்துணைகளை அடுக்குதல் வேறு, ஒவ்வொரு கூற்றுக்கும் அதனதன் சான்றைக் காட்டுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்தில் இல்லை.

நூற்பெயரால் மட்டும் சான்று காட்டும் பழைய முறை அச்சுக் காலத்தில் வேறொரு சிக்கலையும் தோற்றுவித்தது. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1912 இல் வெளியிட்ட நூலின் பெயர் யாழ்ப்பாணச் சரித்திரம். முதலியார் செ. இராசநாயகம் 1933 இல் வெளியிட்ட தமிழ் நூலின் பெயரும் யாழ்ப்பாணச் சரித்திரமே. கல்லடி வேலுப்பிள்ளை 1918 இல் யாழ்ப்பாண வைபவ கௌமுதியையும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமரிசனத்தையும் வெளியிட்டனர். மாலை, கௌமுதி, விமரிசனம் ஆகிய மூன்றுக்கும் 'யா. வை.' என்னும் குறுக்கம் பொருந்தும். 'யாழ்ப்பாணச் சரித்திரம், ப. 60' என்று ஒரு கட்டுரையாளர் எழுதிவிட்டால், கற்போர் இரு நூல்களையும் புரட்டிப் பார்க்க வேண்டியவராவர். நூற்பெயர் வேறுபாடு காட்டாத விடத்து ஆசிரியர் பெயரும் ஆண்டுமே வேறுபாடு காட்டும்.

இவ்விரண்டையும் கொண்டே சான்று சுட்டும் முறை மேனாட்டில் வரலாற்றாசிரியரிடமிருந்து தோன்றவில்லை என்பது வியப்புக்குரியது. ஹாவாட் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் எட்வேட் லோறன்ஸ் மார்க் என்பவர் 1881 இல் ஓடற்ற நத்தையினம் ஒன்றன் கருவளர்ச்சி பற்றி எழுதிய கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறியுள் இட்டுக் காட்டியதே இதன் தொடக்கம் என்பர். ஹாவாட் முறை என்ற பெயர் அதனால் வந்தது. இயற்கை அறிவியலாளர்க்கு ஓர் உண்மை எந்த ஆண்டில் அறியப்பட்டது என்பது முதன்மையானது. ஆண்டை வாக்கியத்தினுள்ளேயே வைத்தமைக்கு அதுவே காரணம்.

எண் முறை இதனினின்று வேறுபட்டது. இம்முறையிற் கட்டுரையில் முதலில் எடுத்தாளப்படும் நூல் 1 என்றும், அடுத்தது 2 என்றும் எண் பெறும். ஒரு நூல் பின்னர் எத்தனை முறை வந்தாலும் முதலிற் பெற்ற எண்ணையே பெறும். மருத்துவ இதழாசிரியர் 1978 இல் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடி இதனை ஒழுங்குபடுத்தினர். அதே ஆண்டிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் தொடங்கிற்று. மருத்துவக் கட்டுரையில் ஒரு வாக்கியத்துக்கு ஏழெட்டுச் சான்றுகள் வருதல் இயல்பு. அவற்றின் பெயர்களை எல்லாம் வாக்கியத்தினுள் அடுக்கினால் வாக்கியமே மறைந்துவிடும். 3 முதல் 9 வரை எனச் சுட்டுவது அங்கே பெருந்துணை. வரலாற்று நூல்களிற் பக்கத்தின் அடியில் வரும் அடிக்குறிப்பு எண்ணை இதனோடு மயக்குதல் கூடாது. அடிக்குறிப்பு எண் குறிப்பைச் சுட்டும். ஒரே நூல் பத்துக் குறிப்புகளில் வந்தாற் பத்து எண்கள் பெறும். வன்கூவர் எண் நூலையே சுட்டும். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. எண்ணை மட்டும் கண்டவர் ஆசிரியரையும் காலத்தையும் அறியார்.

யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றி முந்நூறு பக்க ஆய்வேடு எழுதும் ஒருவர் இவற்றுள் எதனைத் தெரிதல் வேண்டும் என்பதைக் கா. இந்திரபாலாவின் நூல்கள் நன்கு காட்டும். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு 1965 இல் அளித்த ஆய்வேடு, இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தொடக்கத்தையும் ஆராய்வது. யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம் என்னும் தமிழ் நூல் 1972 இல் வந்தது. 2005 இல் இலங்கைத் தமிழரின் இன அடையாளம் உருவான வகையை ஆராய்ந்து எழுதிய நூலில், முன்னைய ஆய்வேட்டின் கருத்துகள் பலவற்றை அவரே மாற்றிக்கொண்டார். குடியேற்றத்தைக் கொண்டே தமிழர் வரலாற்றை விளக்கும் நோக்கு அந்நூலில் இல்லை. இலங்கையின் பழங்குடி மக்களிடையே மொழியும் பண்பாடும் பரவிய வகை அங்கே முன்னிடம் பெறுகின்றது.

இனி, ஓர் ஆய்வேட்டில் 'தமிழர் குடியேற்றம் பிற்காலத்தது என இந்திரபாலா கருதுவர்' என்னும் வாக்கியத்தின் பின்னே 14 என்னும் எண் மட்டும் நிற்கின்றது எனக் கொள்க. கற்பவர் நூலின் இறுதிக்குச் சென்று 14 ஆம் பதிவைத் தேடினாலன்றி, அது ஆசிரியரே பின்னர் கைவிட்ட கருத்து என்பதை உணரமாட்டார். 'இந்திரபாலா 1965' என வாக்கியத்தின் பக்கத்திலேயே நின்றால், 2005 ஆம் ஆண்டு நூலை அறிந்தவர் அக்கணமே ஐயுறுவர். எழுதுபவருங்கூடக் 'கருதுவர்' என்பதைக் 'கருதினார்' எனத் திருத்திக்கொள்வர். முத்துத்தம்பிப்பிள்ளை, வேலுப்பிள்ளை, இராசநாயகம், ஞானப்பிரகாசர், இந்திரபாலா, பத்மநாதன் என ஒருவர் கூற்றை மற்றொருவர் ஏற்றும் மறுத்தும் வளர்ந்ததே யாழ்ப்பாண வரலாற்று ஆராய்ச்சி. அத்தகைய துறையில் ஆண்டு என்பது வெறும் அடையாளமன்று. வாதத்தின் ஒரு பகுதி. ஆதலின் ஆசிரியர்–ஆண்டு முறையே இத்துறைக்குப் பொருத்தமானது.

ஆயினும் ஆண்டு என்பது எந்த ஆண்டு? இராசநாயகம் ஆங்கிலத்தில் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய பெருநூல் 1926 இல் வெளிவந்தது. புதுதில்லிப் பதிப்பகம் ஒன்று 1984 இல் அதனை மீள அச்சிட்டது. பலர் கையில் இருப்பது இம்மீள்பதிப்பே. தலைப்புப் பக்கத்திற் கண்ட ஆண்டை அவ்வாறே எடுத்து 'இராசநாயகம் 1984' என ஒருவர் எழுதினால், 1940 இல் காலமான முதலியார், 1978 இல் வெளிவந்த சி. பத்மநாதனின் யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய நூலைக் கண்ட பின்னர் எழுதியவர்போல் தோன்றுவார். யார் யாருக்கு விடை கூறினார் என்னும் ஒழுங்கே தலைகீழாகும். முதற்பதிப்பு ஆண்டும் கையிலுள்ள பதிப்பின் ஆண்டும் சேர்த்து 'இராசநாயகம் 1926/1984' என எழுதுவதே தக்கது. முன்னையது கருத்தின் காலத்தைக் காட்டும். பின்னையது பக்க எண் எப்பதிப்புக்குரியது என்பதைக் காட்டும். 1688 இல் காலமான குவேறோஸ் பாதிரியாரின் போர்த்துக்கேய வரலாறு 1930 இல் எஸ். ஜீ. பெரேரா பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. அதனையும் 'குவேறோஸ் 1930' என வாளா எழுதின், சங்கிலி மன்னன் காலத்துக்கு அணித்தாய சான்றொன்று இருபதாம் நூற்றாண்டின் கட்டுரைபோல் மயக்கும்.

பெயரின் பக்கத்தில் உள்ள இடர்ப்பாடு இன்னும் நுட்பமானது. ஆசிரியர்–ஆண்டு முறை குடும்பப் பெயர் உடைய மக்களிடையே தோன்றியது. மார்க் என்பது அவ்விலங்கியலாளரின் குடும்பப் பெயர். அதனை மட்டும் கூறி மற்றையவற்றை விடுதல் அவர்கள் வழக்கம். யாழ்ப்பாணத்தவர் பெயரில் இறுதியில் நிற்பது அவரவர் சொந்தப் பெயர். முன்னிற்கும் எழுத்துத் தந்தை பெயரைக் குறிப்பது. முன்னெழுத்தை நீக்கினால் நேர்வது யாதெனில், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையும் ஒருவராகிவிடுவர். முன்னவர் 1903 இற் பிறந்து 1968 இல் மறைந்தவர், இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர், சங்கிலி என்னும் வரலாற்று நாடகம் தந்தவர். பின்னவர் 1899 இற் பிறந்து 1986 இல் மறைந்தவர், கந்தபுராண கலாசாரத்தை விளக்கிய சைவத் தமிழறிஞர். இருவரும் ஒரே காலத்தவர். இருவரும் இலக்கியமும் பண்பாடும் பற்றி எழுதியவர். 'கணபதிப்பிள்ளை' என்று மட்டும் எழுதி ஓர் ஆண்டை இட்டால், பேராசிரியர் கூறாததை அவர்மேல் ஏற்றுவதும் பண்டிதமணி கூறியதை அவரிடமிருந்து பறிப்பதும் ஒருங்கே நிகழும்.

ஆதலின் மேனாட்டு விதியை இங்கே ஒரு சிறிது திருத்திக்கொள்ளல் வேண்டும். முன்னெழுத்து எப்பொழுதும் பெயரோடு நிற்க, 'க. கணபதிப்பிள்ளை 1956' என எழுதுக. மயக்கம் உள்ளவர்க்கு மட்டும் முன்னெழுத்து இடலாம் என்பாரும் உளர். அது குறுகிய கட்டுரைக்குச் சரி. நீண்ட ஏட்டில் மயக்கம் உண்டென்பது ஐந்தாம் இயலிலேதான் தெரியவரும், அதற்குள் முதல் நான்கு இயல்களும் வேறு வகையாய் எழுதப்பட்டிருக்கும். முதலியார், பண்டிதமணி, சுவாமி முதலிய பட்டங்கள் வாக்கியத்தில் மரியாதைக்காக வரலாம். அடைப்புக்குறியுள் வருதல் வேண்டா. பட்டியலிற் பெயரை நிரற்படுத்துவது முன்னெழுத்தைக் கொண்டன்று, பெயரைக் கொண்டேயாம். கணினிச் செயலிகள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று கொண்டு முன்னெழுத்தைத் தாமே விழுங்கிவிடும். பெயர் முழுவதையும் பிரிக்காது ஒரே இடத்தில் உள்ளிடுதல் அதற்கு மருந்து. ஆனால் அப்பொழுது செயலி முன்னெழுத்தைக் கொண்டே நிரல் செய்யுமாதலின், பட்டியலின் வரிசையை இறுதியிற் கையால் திருத்தவேண்டி வரும்.

எல்லாச் சான்றும் இம்முறையுள் அடங்குமோ எனின், அடங்கா. ஓலைச்சுவடிக்கும் சாசனத்துக்கும் ஆசிரியரும் இல்லை, அச்சாண்டும் இல்லை. 1841 இல் தொடங்கிய உதயதாரகையிற் கையொப்பமின்றி வந்த செய்திக்கு ஆசிரியரைத் தேடிப் பயனில்லை. இதழின் நாளே அதன் முகவரி. சங்கச் செய்யுளுக்குப் பதிப்பாண்டை முன்னிறுத்துவது நகைப்புக்கிடமாகும். நூற்பெயரும் செய்யுள் எண்ணும் கூறும் பழைய மரபே அதற்கு உரியது, பதிப்பு எதுவாயினும் அவ்வெண் பெரும்பாலும் மாறாதாகலின். இத்தகைய மூலங்களை அடிக்குறிப்பிலும், பிற்கால ஆராய்ச்சி நூல்களை ஆசிரியர்–ஆண்டு முறையிலும் காட்டலாம். இஃது இரு முறைகளைக் கலத்தல் அன்றோ எனின், எவ்வகைச் சான்றுக்கு எம்முறை என்பதை முன்னுரையில் ஒருமுறை கூறி, இறுதிவரை அதனை மீறாதிருந்தால் அதுவே ஒரு முறையாகும். மூன்றாம் இயலில் அலுப்புற்று வையாபாடலை அடைப்புக்குறியுள் இடத் தொடங்குவதே கலப்பு.

அடிக்குறிப்பை ஆளுவோர் அஞ்சவேண்டிய சொல் ஒன்று உண்டு. அது 'மேற்படி' என்பது. 40 ஆம் குறிப்பில் குவேறோஸ் சுட்டப்பட்டு, 41 ஆம் குறிப்பில் 'மேற்படி, ப. 640' என்று இருப்பதாகக் கொள்க. ஆசிரியர் பின்னொரு நாள் இவ்விரண்டுக்கும் இடையே கைலாயமாலையைச் சுட்டும் புதிய குறிப்பொன்றைப் புகுத்துகின்றார். கணினி எண்களைத் தானே மாற்றி 41 ஐ 42 ஆக்கிவிடும்; 'மேற்படி' என்னும் சொல்லை மாற்றாது. இப்பொழுது அச்சொல் கைலாயமாலையைச் சுட்டி நிற்கின்றது. சிற்றேடாகிய கைலாயமாலைக்கு 640 ஆம் பக்கம் இல்லையாதலால் இப்பிழை கண்ணிற்படும். இடையே புகுந்தது மற்றொரு பெருநூலாக இருந்திருப்பின் எவரும் அறிந்திரார். நீண்ட ஏட்டை எழுதி முடிக்கும்வரை 'மேற்படி' என்பதை அறவே விலக்கி, ஒவ்வொரு குறிப்பிலும் குறும்பெயரையே எழுதி வருதல் நன்று. இடம் சிறிது கூடும், அவ்வளவே. எண் முறையைக் கையால் எழுதுவோர்க்கு இதனினும் பெரிய துன்பம் உண்டு: முதல் இயலிற் புதிய நூலொன்று புகுந்தால், அதன்பின் வரும் எண்கள் யாவும் ஒவ்வொன்றாய் நகரவேண்டும்.

ஆசிரியர்–ஆண்டு முறையில் அத்துன்பம் இல்லையெனினும் அதற்குரிய தளர்ச்சி வேறு. மூன்று நான்கு ஆண்டுகளாக எழுதப்படும் ஏட்டில் முதல் இயல் 'செ. இராசநாயகம், 1926/1984, ப. 300' என்றும், இரண்டாவது 'இராசநாயகம் 1926: 300' என்றும், நான்காவது 'ராசநாயகம் (1984)' என்றும் எழுதியிருத்தல் கண்கூடு. தனித்தனியே வாசிக்கும்பொழுது ஒவ்வொன்றும் சரியாகவே தோன்றும். இதனைக் கண்டுபிடிக்கும் வழி வாசித்தல் அன்று. ஏட்டிலுள்ள சுட்டுகள் அனைத்தையும் வேறாகப் பெயர்த்தெழுதி, அகரவரிசைப்படுத்தி நோக்குக. அப்பொழுது ஒரே நூலின் வேறுபட்ட வடிவங்கள் அருகருகே வந்து நிற்கும். பிழை ஒரே பார்வையிற் புலப்படும்.

ஆனால் இராசநாயகமும் ராசநாயகமும் அருகருகே வரமாட்டா. ஒன்று இகரத்திலும் மற்றது ரகரத்திலும் சென்று தங்கும். இவ்வாறே கார்த்திகேசு சிவத்தம்பி என முழுப்பெயரால் ஓரிடத்தும், கா. சிவத்தம்பி என முன்னெழுத்தால் ஓரிடத்தும் எழுதப்பட்டவர் ககரத்தில் ஒருவராகவும் சகரத்தில் மற்றொருவராகவும் பிரிந்து நிற்பார். இவற்றைப் பிடிப்பதற்கு இரண்டாவது சோதனை வேண்டும். பெயர்த்தெழுதிய சுட்டு ஒவ்வொன்றையும் உசாத்துணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இணையில்லாத சுட்டுக்கும், எந்தச் சுட்டும் வந்து சேராத பட்டியற் பதிவுக்கும் குறியிடுக. 'ராசநாயகம் 1984' இணையின்றி வெளியே நிற்கும். சுட்டப்படாத பதிவு பெரும்பாலும் ஆசிரியர் வாசித்தும் பயன்படுத்தாத நூலாகவோ, சுட்டு விடுபட்டுப்போன நூலாகவோ இருக்கும். முன்னதாயின் பட்டியலிலிருந்து நீக்கலாம். பின்னதாயின் அந்நூலின் செய்தி ஏட்டின் எப்பக்கத்தில் உள்ளது என்று தேடவேண்டும். இராசமுறையின் செய்தியை வைபவமாலையினுள் தேடுவார் படும் பாடு இங்கேயும் ஒரு சிறிது உண்டு. ஏடெழுதியவரே தேடுவதால் மட்டும் அது கைகூடும்.

இச்சோதனைக்கு இருநூறு சுட்டுகள் உள்ள ஏட்டில் ஒரு முழுநாள் செல்லும். பக்க எண்களைச் சரிபார்ப்பது அதனினும் நீண்ட வேலை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபொழுது பழம் பதிப்புகள் பல மறைந்தன. இன்று ஒருவர் இயங்கலை நூலகத்தில் ஒரு பதிப்பையும், நண்பர் வீட்டில் மற்றொரு பதிப்பையும், பல்கலைக்கழகத்தில் மூன்றாவதொன்றையும் கண்டு குறிப்பெடுத்தல் இயல்பு. வைபவமாலையை முதல் இயலில் குல. சபாநாதனின் 1953 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தும், மூன்றாம் இயலில் 1879 இல் வந்த பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்தும் எடுத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே ஆண்டை எழுதினவர் பக்கங்களை ஒருநாளும் பொருத்த மாட்டார். குறிப்பெடுக்கும் வேளையிலேயே அட்டையின் தலையில் ஆசிரியர் பெயர், முதலாண்டு, கையிலுள்ள பதிப்பின் ஆண்டு, அப்பிரதியைக் கண்ட இடம் ஆகிய நான்கையும் எழுதி, அதன் கீழே ஏட்டில் வரவேண்டிய குறும்பெயரை எழுத்துக்கெழுத்து மாறாமல் எழுதி வைத்திருப்பாராயின், ஐயம் எழும்போது எப்பிரதியைத் திறக்கவேண்டும் என்பதை அவ்வட்டையே கூறும்.